வண்டி நம்பரும் வாட்ச்மேனும்: கடை மெயில் ஏன் ஸ்பேமில் விழுகிறது?

சென்னிமலையில் போர்வையும் துண்டும் மொத்தமாக விற்கிற ஒரு சின்னக் கடை. ஊட்டி, கொடைக்கானல் லாட்ஜுகள்தான் முக்கிய வாடிக்கை. சீசனுக்கு முன்னால் மேனேஜர்கள் விலை கேட்பார்கள், கடையிலிருந்து மெயிலில் கொட்டேஷன் போகும், ஆர்டர் வரும். போன சீசனில் கொட்டேஷன் போனது, ஆர்டர் வரவில்லை. போன் போட்டுக் கேட்டால் "உங்க மெயிலே வரலையே" என்றார்கள். கடைசியில் ஒரு மேனேஜர் தேடிப் பார்த்துவிட்டு, எல்லாம் ஸ்பேம் பெட்டியில் கிடப்பதாகச் சொன்னார்.

"வர்ற மெயிலெல்லாம் ஒழுங்கா வருதுங்க தம்பி. போறதுதான் போய்ச் சேர மாட்டேங்குது" என்றார் கடைக்காரர். பாதி விடை அந்த ஒரு வரியிலேயே இருந்தது. எனக்குத்தான் அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அதற்குள் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்லியிருந்தார்கள். சப்ஜெக்ட்டில் 'ரேட்' என்று எழுதாதே என்றார் ஒருவர். கீழே இருக்கிற லோகோ படத்தை எடு என்றார் இன்னொருவர். ஒருவர் காசு வாங்கிக்கொண்டு வெப்சைட்டுக்குப் புது எஸ்எஸ்எல் சான்றிதழே போட்டுக் கொடுத்திருந்தார். அது வெப்சைட்டைத் திறக்கும்போது தெரிகிற பூட்டு. கடை அனுப்பும் மெயில் ஸ்பேமுக்குப் போகிறதா இல்லையா என்பதில் அதற்கு எந்த வேலையும் இல்லை. நான்காவதாக வந்தவர் சரியான சொல்லைச் சொன்னார்: "எஸ்பிஎஃப் போடணும்." போட்டும் கொடுத்தார். அதற்குப் பிறகும் மெயில் ஸ்பேமுக்கே போனது.

எஸ்பிஎஃப் என்ற பெயர் இப்போது பலர் வாயில் அடிபடுகிறது. அது என்ன செய்கிறது என்று கேட்டால், "மெயிலுக்குப் பாதுகாப்பு", "ஸ்பேம் ஆகாமல் தடுப்பது" என்று மேலோட்டமாகத்தான் பதில் வரும். இரண்டுமே சரியில்லை. அந்தக் கடையின் கதையை வைத்தே அதைப் பார்க்கலாம்.

## யாரும் யார் பெயரையும் எழுதலாம்

தபால் கவரின் இடது மூலையில் அனுப்புநர் முகவரி எழுதுகிறோம். அதை யாராவது சரிபார்க்கிறார்களா? இல்லை. நான் உங்கள் பெயரை எழுதித் தபால்பெட்டியில் போட்டாலும் கடிதம் போய்ச் சேரும்.

மெயிலும் அப்படித்தான் பிறந்தது. மெயில் சர்வர் என்பது மெயிலை அனுப்பவும் வாங்கவும் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர். இரண்டு மெயில் சர்வர்கள் பேசிக்கொள்ளும் முறைக்கு எஸ்எம்டிபி என்று பெயர். 1982இல் அதை எழுதி வைத்தபோது இணைப்பில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சிக்கூடங்களும்தான். ஒருவரையொருவர் நம்பினார்கள். அதனால், அனுப்புகிற சர்வர் "இது இன்னாரிடமிருந்து" என்று சொன்னால், வாங்குகிற சர்வர் அப்படியே எழுதிக்கொள்ளும். சொல்வது உண்மையா என்று கேட்க அந்த முறையில் இடமே கிடையாது.

இன்றும் அடிப்படை முறை அதுதான். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இருப்பவர் உங்கள் கடை முகவரியைப் போட்டு "எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, இனி இதில் பணம் போடுங்கள்" என்று லாட்ஜுக்கு மெயில் அனுப்ப முடியும். அதனால்தான் மெயிலை வாங்குகிற பக்கம் இப்போது சந்தேகத்தோடு நிற்கிறது. அவர்களின் கேள்வி ஒன்றுதான்: இந்தக் கடையின் பெயரில் வந்திருக்கும் மெயிலை அனுப்பியது, அந்தக் கடை அனுமதித்த சர்வர்தானா?

## வாட்ச்மேன் பார்க்கும் போர்டு

கடையிலிருந்து ஒரு லாட்ஜுக்குச் சரக்கு போகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்டில் வாட்ச்மேன். வண்டி வந்து நின்று, டிரைவர் "சென்னிமலைக் கடைச் சரக்கு" என்கிறார். உள்ளே விடலாமா?

கடைக்காரர் ஒரு வேலை செய்து வைத்திருக்கிறார். தன் கடை வாசலில், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி ஒரு போர்டு மாட்டி, "எங்கள் சரக்கு இந்த நம்பர் வண்டிகளில் மட்டும்தான் வரும்" என்று எழுதியிருக்கிறார். வாட்ச்மேன் டிரைவர் சொல்வதை நம்புவதில்லை. கடைக்குப் போன் போட்டு, "உங்கள் போர்டில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்கிறார். வந்த வண்டியின் நம்பர் அதில் இருந்தால் சரி. இல்லை என்றால் ஓரமாக நிறுத்தச் சொல்கிறார்.

இந்தப் போர்டுதான் எஸ்பிஎஃப். அது மெயிலுக்குள் ஒட்டப்படும் முத்திரை அல்ல, மெயிலைப் பூட்டி அனுப்பும் பாதுகாப்பும் அல்ல. மெயிலில் அது எதையுமே மாற்றுவதில்லை. கடையின் பெயருக்கு அடியில் வெளிப்படையாக மாட்டியிருக்கும் ஒரு பட்டியல், அவ்வளவுதான். அதைப் படித்துப் பார்த்து முடிவெடுப்பது வாங்குகிறவர்.

இன்னொன்றும் இங்கேயே கவனிக்கலாம். போர்டே இல்லாவிட்டால் வாட்ச்மேனுக்கு எந்தத் தகவலும் இல்லை. ஆனால் பழைய வண்டிகளின் நம்பர் மட்டும் இருக்கிற போர்டு தொங்கினால், கடையின் புது வண்டியைக் கடையே "எங்களுடையது அல்ல" என்று சொன்னதாக ஆகிவிடும். சென்னிமலைக் கடையில் நடந்தது ஏறக்குறைய இதுதான்.

## போர்டு எங்கே மாட்டியிருக்கிறது?

டொமைன் என்பது நீங்கள் காசு கொடுத்து வைத்திருக்கும் இணையப் பெயர். அந்தக் கடையின் உண்மைப் பெயருக்குப் பதிலாக இங்கே `kadai.example` என்று வைத்துக்கொள்கிறேன். `.example` என்பது விளக்கத்துக்காகவே ஒதுக்கிய முடிவு, யாரும் வாங்க முடியாது.

ஒவ்வொரு டொமைனுக்கும் டிஎன்எஸ் என்கிற பொதுவான விவரப் புத்தகத்தில் ஒரு பக்கம் உண்டு. "இந்தக் கடையின் வெப்சைட் எங்கே?", "இவர்களுக்கு வருகிற மெயிலை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?" போன்ற கேள்விகளுக்கு அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு வரியாகப் பதில் இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் பதிவு என்று பெயர். வருகிற மெயிலுக்கு வழி சொல்வது `MX` பதிவு. சும்மா எழுத்தாக எதையாவது எழுதி வைக்க `TXT` பதிவு. எஸ்பிஎஃப் பட்டியல் இந்த `TXT` பதிவில்தான் உட்காருகிறது.

வண்டி நம்பருக்குச் சமமானது ஐபி முகவரி, அதாவது இணையத்தில் ஒவ்வொரு சர்வருக்கும் உள்ள எண். அனுப்புகிறவர் எந்தப் பெயரை வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் எந்த ஐபியிலிருந்து இணைப்பு வந்திருக்கிறது என்பது வாங்குகிற சர்வருக்கு நேரடியாகத் தெரியும். பெயரை வைத்துப் போர்டைத் தேடுகிறார்கள், எண்ணைப் போர்டோடு ஒப்பிடுகிறார்கள்.

கடைக்காரர் சொன்ன வரிக்கு இப்போது அர்த்தம் புரியும். வருகிற மெயில் `MX` பதிவின் வேலை, அது சரியாக இருந்தது. போகிற மெயிலுக்கு ஆதாரம் எஸ்பிஎஃப், அது சரியாக இல்லை. இரண்டும் தனித்தனி வரிகள். ஒன்றைச் சரி செய்தால் மற்றது தானாகச் சரியாகாது. மெயில் வந்துகொண்டிருப்பதால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

இதுவரை பார்த்தது: மெயிலில் அனுப்புநர் பெயரை யாரும் பொய்யாகப் போடலாம். அதனால் டொமைன்காரர் தனக்காக மெயில் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு உரிமை உண்டு என்று டிஎன்எஸ்ஸில் எழுதி வைக்கிறார். மெயிலை வாங்குகிற சர்வர், வந்த ஐபி அதில் இருக்கிறதா என்று பார்க்கிறது.

## அந்த ஒரு வரியைப் படிப்பது எப்படி?

கடையின் வெப்சைட் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தில் இருந்தது. ஆரம்பத்தில் மெயிலும் அங்கேயேதான். ஹோஸ்டிங் எடுத்த அன்றே, யாரும் கேட்காமல், இப்படி ஒரு பதிவு தானாக உருவாகியிருந்தது (எண் மட்டும் விளக்கத்துக்காக மாற்றியது):

```
v=spf1 +a +mx +ip4:203.0.113.25 ~all
```

`v=spf1` என்பது தலைப்பு. இதில் தொடங்கினால்தான் இது எஸ்பிஎஃப் பதிவு என்றே கணக்கு. பிறகு இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பார்கள். முதலில் எது பொருந்துகிறதோ அதோடு முடிந்தது.

`a` என்றால் இந்த டொமைனின் வெப்சைட் இருக்கும் சர்வர். `mx` என்றால் இந்த டொமைனுக்கு வருகிற மெயிலை வாங்கும் சர்வர்கள். `ip4:` நேராக ஓர் எண்ணையே சொல்வது. முன்னால் இருக்கும் `+` 'அனுமதி உண்டு' என்பதைக் குறிக்கிறது. அதை எழுதாவிட்டாலும் பொருள் அதுதான்.

கடைசியில் உள்ள `all` என்பது 'மற்ற எல்லாரும்'. அதற்கு முன்னால் இருக்கும் குறியில்தான் கடையின் குரல் இருக்கிறது. `-all` என்றால் "மற்றவர்கள் எங்கள் ஆட்களே இல்லை". `~all` என்றால் "எங்கள் ஆட்களாக இருக்க வாய்ப்பில்லை, ஆனால் உறுதியாகச் சொல்ல மாட்டோம்". `?all` என்றால் "எங்களுக்குக் கருத்து இல்லை". `+all` என்று போட்டால் "யார் வந்தாலும் எங்கள் ஆள்தான்" என்று அர்த்தம். மெயில் எப்படியாவது போனால் போதும் என்று இதைப் போட்டு வைத்திருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கல்லாப்பெட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவது போன்றது அது.

சின்னக் கடைக்கு முதலில் `~all` போதும் என்பது என் எண்ணம். யார் யார் நம் பெயரில் மெயில் அனுப்புகிறார்கள் என்று முழுசாகத் தெரிகிற வரை `-all` போட்டால், மறந்துபோன ஒரு சர்வரின் மெயிலை நாமே திருப்பி அனுப்பச் சொன்னதாகிவிடும்.

## சென்னிமலைக் கடையில் என்ன நடந்தது?

இரண்டு வருடம் ஹோஸ்டிங்கின் மெயில்பெட்டியே ஓடியது. பெட்டி நிரம்பி வழிந்ததும் மெயிலை மட்டும் கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கு மாற்றினார்கள். மாற்றிக் கொடுத்தவர் `MX` பதிவை மாற்றினார். வருகிற மெயில் புதுப் பெட்டியில் விழ ஆரம்பித்தது. வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டார்.

போகிற மெயில் இப்போது கூகுளின் சர்வர்களிலிருந்து போகிறது. போர்டிலோ பழைய ஹோஸ்டிங்கின் எண்தான் இருக்கிறது. "அதில் `mx` இருக்கிறதே, `MX` இப்போது கூகுள்தானே, அப்போது பொருந்தாதா?" என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பொருந்தாது. பெரிய நிறுவனங்களில் மெயிலை உள்ளே வாங்கும் சர்வர்களும் வெளியே அனுப்பும் சர்வர்களும் வேறு வேறு. `mx` உள்ளே வாங்குகிறவற்றை மட்டும்தான் குறிக்கும். ஆக, வரி முழுவதும் பொருந்தாமல் கடைசியில் `~all`க்கு வந்து நின்றது.

இதை ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை, கண்ணாலேயே பார்க்கலாம். எஸ்பிஎஃப் போட்டுக் கொடுத்தவர் வருவதற்கு முன்னால், கடை முகவரியிலிருந்து ஒரு ஜிமெயிலுக்குப் போன பழைய மெயில் ஒன்றை எடுத்தேன். கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, வலது பக்க மூன்று புள்ளியை அழுத்தி, `Show original` என்பதைத் தேர்ந்தெடுத்தால் மெயிலின் முழு வரலாறும் வரும். அதில் இப்படி இருந்தது:

```
Received-SPF: softfail (google.com: domain of transitioning
 sales@kadai.example does not designate 209.85.220.41 as
 permitted sender)
```

`209.85.220.41` என்பது கூகுளின் அனுப்பும் சர்வர்களில் ஒன்று. "இந்த எண்ணை இந்த டொமைன் அனுமதித்த அனுப்புநராகக் குறிப்பிடவில்லை" என்று வாட்ச்மேன் தன் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். `softfail` என்பது `~all` தந்த பதில்.

எஸ்பிஎஃப் போட்டுக் கொடுத்தவர் வந்து போன பிறகு அனுப்பிய மெயிலில் சொல் மாறியிருந்தது: `permerror`. தீராத பிழை என்று பொருள். அவர் செய்தது இதுதான்: பழைய பதிவை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் கூகுளுக்காக இரண்டாவதாக ஒரு பதிவைச் சேர்த்திருந்தார்.

```
v=spf1 +a +mx +ip4:203.0.113.25 ~all
v=spf1 include:_spf.google.com ~all
```

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே பிழையில்லாத வரிகள். ஆனால் ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் வாட்ச்மேன் இரண்டையும் சேர்த்துப் படிப்பதில்லை, நல்லது எது என்று தேர்ந்தெடுப்பதும் இல்லை. எதை நம்புவது என்று தெரியாமல் பட்டியலையே தள்ளிவிடுகிறார். எஸ்பிஎஃப்பின் இன்றைய விதிகளை 2014இல் எழுதி வெளியிட்டார்கள். இந்தப் பதிலை அந்த விதியே சொல்கிறது. "போட்டாச்சே, ஆனாலும் ஸ்பேமுக்குப் போகுதே" என்று புலம்புகிற கடைகளில் நான் அதிகம் பார்த்த காரணம் இந்த இரட்டைப் பதிவுதான்.

தீர்வு, இரண்டையும் ஒரே வரியாக்குவது:

```
v=spf1 ip4:203.0.113.25 include:_spf.google.com ~all
```

`include:` என்பது "அவர்கள் போர்டில் இருக்கும் நம்பர்களையும் எங்களுடையவையாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது. கூகுள் தன் சர்வர்களை மாற்றும்போது தன் போர்டைத் தானே திருத்திக்கொள்ளும், நாம் ஓடி ஓடி மாற்ற வேண்டாம். வெப்சைட் அதே ஹோஸ்டிங்கில்தான் இருக்கிறது, அங்கிருந்து ஆர்டர் மெயில்கள் போகின்றன, அதனால் `ip4` எண்ணை வைத்துக்கொண்டோம். `a`வும் அதே எண்ணைத்தான் குறித்தது, தேவையில்லை. `mx` இனி எந்தப் பயனும் இல்லாதது. இரண்டும் போயின.

சேர்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிய பகுதி `all`க்கு முன்னால் வர வேண்டும். பழைய வரியின் கடைசியில் அப்படியே ஒட்டினால், `~all`இலேயே படிப்பது முடிந்துவிடும். அதற்குப் பின்னால் இருப்பதை யாரும் பார்க்கப் போவதில்லை.

இங்கே நின்று சுருக்கமாக: மெயில் நிறுவனத்தை மாற்றியபோது போர்டு பழையதாகவே இருந்தது, அது `softfail`. திருத்துவதற்குப் பதிலாக இரண்டாவது போர்டு மாட்டியதில் இரண்டுமே செல்லாமல் போயின, அது `permerror`. ஒரே வரியாக்கியதும் சரியானது.

## போட்டது எங்கே என்பதும் முக்கியம்

சரி, வரி தயார். அதை எங்கே எழுதுவது? டொமைனை ஒரு நிறுவனத்தில் வாங்கியிருப்பீர்கள், வெப்சைட் இன்னொரு நிறுவனத்தில் இருக்கும். இரண்டு இடத்திலும் டிஎன்எஸ் திருத்தும் பக்கம் இருக்கும். ஆனால் அவற்றில் ஒன்றுதான் உலகத்துக்குத் தெரிவது. மற்றதில் எத்தனை பதிவு போட்டாலும், பூட்டிய கடைக்குள் போர்டு மாட்டிய கதைதான்.

எது நிஜமான இடம் என்று அறிய, விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து இதை அடிக்கலாம்:

```
nslookup -type=ns kadai.example
```

பதிலில் வரும் பெயர்கள் எந்த நிறுவனத்துடையவையோ, அங்கேதான் திருத்த வேண்டும். திருத்திய பிறகு, உலகத்துக்கு என்ன தெரிகிறது என்று பார்க்க:

```
nslookup -type=txt kadai.example
```

இதில் `v=spf1` என்று தொடங்கும் வரி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். வேறு `TXT` பதிவுகள் இருக்கலாம், அவற்றால் தொல்லை இல்லை.

பதிவு போடும் பக்கத்தில் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கும். பல இடங்களில் அங்கே `@` என்று மட்டும் போட வேண்டும், டொமைன் பெயரை அவர்களே பின்னால் ஒட்டிக்கொள்வார்கள். நாம் முழுப் பெயரையும் எழுதினால் பதிவு `kadai.example.kadai.example` என்ற பெயரில் போய் உட்கார்ந்துவிடும். மேலே சொன்ன கட்டளையில் புது வரி தெரியவே இல்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். வாட்ஸ்ஆப்பில் வந்த வரியை அப்படியே ஒட்டும்போது வளைந்த மேற்கோள் குறியோ, `include:`க்குப் பின்னால் ஓர் இடைவெளியோ கூட வந்துவிடும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், கம்ப்யூட்டருக்குப் புரியாது.

இன்னொரு தொல்லை அவசரம். ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் ஆயுள் உண்டு. ஒரு முறை படித்தவர்கள் அது முடியும்வரை மறுபடி கேட்காமல் பழைய விடையையே வைத்துக்கொள்ளலாம். அந்தக் கடையில் அது 14400 விநாடி, அதாவது 4 மணி நேரம். காலையில் மாற்றிவிட்டுப் பத்து நிமிடத்தில் சோதித்து, "ஆகலையே" என்று இன்னொரு வரியைச் சேர்த்தால் பழையபடி இரண்டு போர்டு ஆகிவிடும். நாங்கள் மாற்றியது காலை பதினொரு மணிக்கு. சாயங்காலம் அனுப்பிய மெயிலில் `SPF: PASS` வந்தது.

## கவரில் ஒரு பெயர், உள்ளே ஒரு பெயர்

கொட்டேஷன் மெயில்கள் சரியாயின. ஆனால் வெப்சைட்டிலிருந்து போகும் ஆர்டர் மெயில்கள் இன்னும் சில பேருக்கு ஸ்பேமுக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சர்வரின் எண்தான் போர்டில் இருக்கிறதே? `Show original` போய்ப் பார்த்தால் அதிலும் `PASS` என்றே இருந்தது. குழப்பமாக இருக்கும், கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

ஒவ்வொரு மெயிலுக்கும் இரண்டு அனுப்புநர் முகவரிகள் உண்டு. ஒன்று கடிதத்தின் தலைப்பில் இருப்பது போன்றது. `From` என்று நாம் திரையில் பார்ப்பது அதைத்தான். மற்றது கவரில் எழுதியிருப்பது. சர்வர்கள் தங்களுக்குள் பேசும்போது சொல்லிக்கொள்வது, மெயில் போய்ச் சேராவிட்டால் திரும்பி வர வேண்டிய முகவரி. `Show original` பக்கத்தில் அது `Return-Path` என்ற வரியில் தெரியும். எஸ்பிஎஃப் முக்கியமாகச் சரிபார்ப்பது கவர் முகவரியைத்தான். நாம் பார்க்கும் `From` முகவரியை அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

வெப்சைட்டுகள் தாமாக மெயில் அனுப்பும்போது, பல ஹோஸ்டிங் சர்வர்கள் கவரில் தங்கள் சொந்தப் பெயரையே எழுதிவிடும். கடையின் ஆர்டர் மெயிலில் தலைப்பில் கடைப் பெயர், கவரில் ஹோஸ்டிங் சர்வரின் பெயர். வாட்ச்மேன் ஹோஸ்டிங் நிறுவனத்தின் போர்டைப் பார்த்து, `PASS` சொல்லிவிட்டார். கடையின் போர்டை யாரும் கேட்கவே இல்லை. ஆனால் வாங்குகிற சர்வர் அதோடு விடுவதில்லை. உள்ளே ஒரு பெயர், கவரில் ஒரு பெயர் என்றால் அதற்குச் சந்தேகம் வரும். ஜிமெயிலில் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் `via` என்று இன்னொரு பெயர் தெரிந்தால் இந்தப் பொருத்தமின்மைதான் பெரும்பாலும் காரணம்.

இதற்கு எஸ்பிஎஃப் வரியில் எதைச் சேர்த்தும் பயனில்லை. வெப்சைட்டை, தானே மெயில் அனுப்பாமல், கடையின் வொர்க்ஸ்பேஸ் கணக்கு வழியாக அனுப்பும்படி மாற்றினோம். அதன் பிறகு கவரிலும் கடைப் பெயரே வந்தது. ஹோஸ்டிங்கிலிருந்து நேராக எதுவும் போகாததால் `ip4` எண்ணுக்கும் வேலை போனது. கடைசியில் நின்ற வரி, நான்காவதாக வந்தவர் கூகுளுக்காக எழுதியதேதான்:

```
v=spf1 include:_spf.google.com ~all
```

பாவம், அவர் பழையதை அழிக்க மறந்ததுதான் குறை.

## `PASS` வந்த பிறகும்

எஸ்பிஎஃப் சொல்வது "இது அந்தக் கடை அனுமதித்த சர்வர்" என்பதை மட்டும்தான். சரக்கு நல்லதா என்பதை அது சொல்லாது. ஸ்பேம் அனுப்புகிறவரும் ஒரு டொமைன் வாங்கி, ஒழுங்கான பதிவு போட்டு, `PASS` வாங்கலாம். அதனால் பதிவு இருந்தால் இன்பாக்ஸ் நிச்சயம் என்று யாரும் சொல்ல முடியாது. பதிவு தப்பாக இருந்தால் மற்ற எல்லாம் நன்றாக இருந்தும் சந்தேகத்தில் தொடங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்புகிற எல்லாரும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம், இரண்டில் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் விதித்திருக்கிறது. இரண்டும் இல்லாத மெயில் ஸ்பேமுக்குக்கூடப் போகாமல் `550-5.7.26` என்ற எண்ணோடு திரும்பி வரலாம்.

டிகேஐஎம் என்பது அனுப்புகிற சர்வர் மெயிலின்மீதே போடும் மின்கையெழுத்து. இது ஏன் வேண்டும் என்பதும் அந்தக் கடையிலேயே தெரிந்தது. எல்லாம் சரியான பிறகும் கொடைக்கானல் லாட்ஜ் ஒன்றுக்கு மட்டும் மெயில் ஸ்பேமில் விழுந்தது. விசாரித்தால், அந்த மேனேஜர் தன் ஆபீஸ் முகவரிக்கு வருவதையெல்லாம் தானாகத் தன் சொந்த ஜிமெயிலுக்குத் தள்ளிவிடும்படி வைத்திருந்தார். கடையின் சரக்கு பாதி வழியில் அவர்கள் வண்டிக்கு மாறுகிறது. கேட்டில் வந்து நிற்பது லாட்ஜின் சர்வர், கவரில் இருப்பது கடையின் பெயர். கடையின் போர்டில் லாட்ஜ் வண்டியின் நம்பர் எப்படி இருக்கும்? அவருடைய ஜிமெயிலில் மறுபடி `softfail`.

லாட்ஜின் ஐபியைக் கடையின் பதிவில் சேர்க்கலாமா என்று கடைக்காரர் கேட்டார். கூடாது. நாளைக்கு இன்னொரு லாட்ஜ், மறுநாள் இன்னொன்று. அதோடு, அந்தச் சர்வரில் இருக்கும் யாரும் கடையின் பெயரில் மெயில் அனுப்ப நாமே அனுமதிச் சீட்டு கொடுத்ததாகும். பார்சலின் மேலே போட்ட அரக்கு முத்திரை வண்டி மாறினாலும் அப்படியே இருக்குமல்லவா, டிகேஐஎம் கையெழுத்து அப்படி. நடுவில் யாரும் மெயிலின் உள்ளடக்கத்தைத் திருத்தாத வரை அது செல்லும். வொர்க்ஸ்பேஸின் நிர்வாகப் பக்கத்தில் கடை டொமைனுக்கு அதை உருவாக்கி, அது கொடுத்த நீளமான `TXT` வரியையும் டிஎன்எஸ்ஸில் சேர்த்தோம். இது வேறு பெயரில் உட்காரும் பதிவு, எஸ்பிஎஃப்போடு மோதாது.

அடுத்த கொட்டேஷனை மேனேஜர் தன் ஜிமெயிலில் திறந்து காட்டினார். எஸ்பிஎஃப் வரியில் அதே `SOFTFAIL`. அதற்கு அடுத்த வரியில் `DKIM: PASS`, பக்கத்தில் கடையின் டொமைன். மெயில் இன்பாக்ஸில் இருந்தது.